தாங்கி லெவல் டிரான்ஸ்மிற்றரின் ஹார்ட் டயக்னோஸ்டிக்கை வாசிப்பது எப்படி?

"அண்ணை, எங்கட தண்ணீர்த் தாங்கியில ஒரு லெவல் டிரான்ஸ்மிற்றர் இருக்கு. பி.எல்.சியில வாசிப்பு வருது. ஆனா ஹார்ட் மொடத்தைக் கொழுவி லப்டொப்பில தேடினா சிலநேரம் டிவைஸ் காட்டுது, சிலநேரம் ஒண்டுமே இல்லை. பி.எல்.சி கார்ட்டில 100 ஓம் எண்டு போட்டிருக்கு. காட்டுற நேரத்திலயும் More Status Available எண்டு மட்டும்தான் வருது. மழை தொடங்கினாப் பிறகு லெவல் கொஞ்சம் கூடக் காட்டுற மாதிரியும் இருக்கு. டயக்னோஸ்டிக்கை ஒழுங்கா வாசிக்கிறது எப்பிடி?"

தம்பி, டிவைஸ் வந்து வந்து போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த 100 ஓம்தான். அதை முதலில் தீர்த்துவிடுவோம். அது தீராமல் மற்றதை நம்பி வாசிக்க முடியாது.

லெவலைச் சொல்கிற 4–20 மில்லி அம்பியர் மின்னோட்டத்தின் மேலேயே டிரான்ஸ்மிற்றர் தன் செய்தியையும் ஏற்றி அனுப்புகிறது, அந்த முறைக்குத்தான் ஹார்ட் என்று பெயர். 1 என்ற பிற்றுக்கு 1200 ஹேர்ட்ஸ், 0 என்ற பிற்றுக்கு 2200 ஹேர்ட்ஸ் என்று இரண்டு மீடிறன்கள். மின்னோட்டம் அரை மில்லி அம்பியர் மேலேயும் அரை மில்லி அம்பியர் கீழேயும் ஆடுகிறது. இந்த ஆட்டத்தின் சராசரி பூச்சியம். அதனால் பி.எல்.சி வாசிக்கிற லெவலில் அது தெரிவதில்லை.

ஆனால் மொடம் மின்னோட்டத்தைப் பார்ப்பதில்லை, வோல்ற்றளவைத்தான் பார்க்கிறது. அந்த ஆட்டம் ஒரு தடைக்கூடாகப் போனால்தான் வோல்ற்றளவாகும். உச்சிக்கு உச்சி 1 மில்லி அம்பியர், 250 ஓம் தடையில் 250 மில்லி வோல்ற்று தரும். உங்கள் கார்ட்டின் 100 ஓமில் வெறும் 100 மில்லி வோல்ற்றுத்தான். ஹார்ட் விதிப்படி 120 மில்லி வோல்ற்றும் அதற்கு மேலும் வந்தால் மொடம் கட்டாயம் கேட்க வேண்டும். 80க்குக் கீழே வந்தால் அதை இரைச்சல் என்று தள்ளிவிட வேண்டும். இடையில் வருவதைக் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். நீங்கள் சரியாக அந்த இடைவெளிக்குள் நிற்கிறீர்கள். அதுதான் ஒருநாள் வருகிறது, ஒருநாள் வருவதில்லை. மொடத்திலும் பிழையில்லை, டிரான்ஸ்மிற்றரிலும் பிழையில்லை.

லூப்பில் ஆகக் குறைந்தது 230 ஓம் வேண்டும். வழக்கமாக 250 போடுவார்கள். கடையில் 250 கிடைக்காவிட்டால் 270 ஓம், அரை வாற் தடை ஒன்று போதும். அதை பனலில், கார்ட்டுக்குப் போகிற வயரில் தொடராகப் போடுங்கள். மொடத்தின் இரண்டு கிளிப்பையும் அந்தத் தடையின் இரு பக்கத்திலும் மாட்டலாம், அல்லது டிரான்ஸ்மிற்றரின் இரண்டு முனையிலும் மாட்டலாம். 24 வோல்ற்று சப்ளையின் இரண்டு முனையில் மாத்திரம் மாட்டக் கூடாது. ஆடுகிற சமிக்ஞைக்கு நல்ல சப்ளை என்பது ஒரு குறுஞ்சுற்று மாதிரி. அங்கே ஒன்றும் மிஞ்சாது. மாட்டினால் எதுவும் எரியாது, டிவைஸும் வராது. 'மொடம் பழுது' என்று திருப்பிக் கொடுக்கப்படும் மொடங்களில் பல இப்படித்தான் சப்ளையில் மாட்டிப் பார்க்கப்பட்டவை.

தடையைச் சேர்க்க முன் இரண்டு விசயம் பார்க்க வேண்டும். ஒன்று, வயரைக் கழற்றியவுடன் லூப் அறுந்து பி.எல்.சிக்குப் பூச்சியம் மில்லி அம்பியர் போகும். தாங்கி வெறுமை என்று நினைத்து அது பம்பை ஓட விடலாம். அதனால் முதலில் பம்பைக் கைமுறைக்கு மாற்றி, கொன்ட்ரோல் ரூமில் நிற்பவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் திருகாணியில் கை வையுங்கள். இரண்டாவது, டிரான்ஸ்மிற்றருக்குப் போதிய வோல்ற்றளவு மிஞ்சுமா என்ற கணக்கு. அலாரத்தில் அது 22 மில்லி அம்பியர் மட்டில் போகலாம். 370 ஓமில் அது 8.1 வோல்ற்றை விழுத்தும். சப்ளை உண்மையாகவே 24 வோல்ற்று என்றால் டிரான்ஸ்மிற்றருக்குப் பதினைந்தரைக்கு மேல் மிஞ்சும். இரண்டு வயர் டிரான்ஸ்மிற்றர்களில் பலவற்றுக்கு 10 முதல் 12 வோல்ற்று போதும்; உங்களுடையதன் எண் அதன் கையேட்டில் இருக்கும். ஆனால் ஏற்கெனவே 250 ஓம் உள்ள கார்ட்டுக்கு முன்னால் இன்னொரு 250ஐப் போட்டு, சப்ளையும் பழசாகி 21 வோல்ற்றுக்கு இறங்கியிருந்தால் கதை வேறு. தாங்கி பாதியாக இருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும், தாங்கி நிறையும்போது டிரான்ஸ்மிற்றர் பட்டினி கிடந்து விழுந்து எழும்பும். சப்ளையை மீற்றரால் அளந்து பாருங்கள், பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

இதற்குப் பிறகும் விட்டுவிட்டு வந்தால் பம்பை நிறுத்திப் பாருங்கள். பம்ப் நின்றால் வருகிறது, ஓடினால் போகிறது என்றால், பம்பின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்து வருகிற இரைச்சல்தான் காரணம். மோட்டர் கேபிளும் சமிக்ஞைக் கேபிளும் ஒரே தட்டில் கிடக்கும். பிரித்துப் போடுங்கள். கேபிளின் உலோக உறையை பனல் பக்கம் மட்டும் நிலத்தொடுப்புச் செய்யுங்கள்.

சரி, இனி டிவைஸ் உறுதியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

டிரான்ஸ்மிற்றர் தருகிற ஒவ்வொரு மறுமொழியிலும், எந்தக் கட்டளைக்கான மறுமொழி என்றாலும், தரவுக்கு முன்னால் இரண்டு பைற் நிலைத் தகவல் வரும். டயக்னோஸ்டிக் தொடங்குவது இங்கேதான். மென்பொருளில் தொடர்பாடல் பதிவைத் திறந்தால் அதைப் பச்சையாகவே பார்க்கலாம். மின்னோட்டத்தையும் சதவீதத்தையும் கேட்கிற 2ஆம் கட்டளைக்கு வந்த மறுமொழியில், முகவரிக்குப் பின்னுள்ள பகுதி இப்படி இருக்கும்:

```
02 0A 00 50 41 40 00 00 42 48 00 00
```

இவை பதினறும எண்கள். முதலில் உள்ள `02` கட்டளை எண். `0A` என்றால் இனி 10 பைற் வருகிறது. அடுத்த `00` முதல் நிலைப் பைற்: கட்டளை பிழையின்றி நிறைவேறியது. இந்த இடத்தில் `88` மாதிரி, 80 அல்லது அதற்கு மேற்பட்ட எண் வந்தால் நீங்கள் அனுப்பியது வழியில் சிதைந்து போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது வயர் பிரச்சினை, மேலே சொன்ன இரைச்சலுக்குத் திரும்பிப் போங்கள். அடுத்த `50` தான் டிரான்ஸ்மிற்றரின் சொந்த நிலை. கடைசி எட்டுப் பைற்றும் இரண்டு எண்கள்: `41 40 00 00` என்பது 12.0 மில்லி அம்பியர், `42 48 00 00` என்பது 50.0 சதவீதம்.

அந்த `50`ஐப் பிரித்தால் `40` உம் `10` உம் வரும். `40` என்றால் Configuration Changed, யாரோ அமைப்பில் எதையோ மாற்றியிருக்கிறார்கள். `10` என்றால் நீங்கள் கண்ட More Status Available. டிரான்ஸ்மிற்றர் சொல்வது இவ்வளவுதான்: 'என்னிடம் இன்னும் விபரம் இருக்கிறது, கேள்.' அந்த விபரத்தை 48ஆம் கட்டளையால் கேட்க வேண்டும். மறுமொழியின் முதல் ஆறு பைற்றில் எந்தப் பிற்றுக்கு என்ன அர்த்தம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தங்கள் இஷ்டப்படி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது உணரி பழுது, இன்னொருவருக்கு எலெக்ட்ரோனிக்ஸ் சூடு கூடிவிட்டது. அந்த மொடலுக்கான விவரணக் கோப்பு, அதுதான் டி.டி. என்று சொல்வார்களே, அது மென்பொருளில் ஏற்றப்படாவிட்டால் பொதுவான வசனம் மட்டும்தான் திரையில் வரும். உங்களுக்கு நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். டிரான்ஸ்மிற்றரின் மொடலையும் பதிப்பு எண்ணையும் பார்த்து அதற்குரிய கோப்பை ஏற்றுங்கள். பதிப்பு எண் பொருந்தாத கோப்பு பிழையான பெயர்களைக் காட்டக் கூடும், அதனால் அந்த எண்ணில் கவனம் வேண்டும். கோப்புக் கிடைக்காவிட்டால் 48இன் பைற்றுகளை எழுதிவைத்துக்கொண்டு கையேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் நடக்கும்.

மற்றப் பிற்றுகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இரண்டும் கள வேலையில் அடிக்கடி கைகொடுப்பவை. `20`, அதாவது Cold Start, மின்சாரம் போய் வந்த பிறகு ஒருமுறை வரும். வாசித்தவுடன் தானாகப் போய்விடும். மின்வெட்டே இல்லாத நாளில் அது திரும்பத் திரும்ப வந்தால் எங்கேயோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது, அல்லது நான் மேலே சொன்ன வோல்ற்றளவுப் பட்டினி. `08`, Loop Current Fixed, யாரோ லூப் ரெஸ்ட் செய்துவிட்டு வெளியேறாமல் போயிருக்கிறார்கள் என்று காட்டும். பி.எல்.சியில் லெவல் அசையாமல் நிற்கும், ஆனால் ஹார்ட்டில் PV, அதாவது டிரான்ஸ்மிற்றர் அளக்கிற லெவல், ஏறி இறங்கும். பழைய ஹார்ட் 5 டிரான்ஸ்மிற்றராக இருந்து அதன் முகவரியை 0 அல்லாத எண்ணாக மாற்றியிருந்தாலும் இதே கோலம்தான்: மின்னோட்டம் 4இல் உறைந்துவிடும்.

இனி நீங்கள் கடைசியாகச் சொன்ன விசயம். உங்கள் கேள்வியில் எனக்கு ஆகக் கவலை தருவது அதுதான்: மழைக்குப் பிறகு லெவல் கூடக் காட்டுகிறது. இதை எந்தப் பிற்றும் சொல்லாது. நிலைப் பைற்றுகள் டிரான்ஸ்மிற்றர் தன் உடம்புக்குள் பார்க்கிற சங்கதிகள். தன் முனைகளுக்கு வெளியே வயருக்கு என்ன நடக்கிறது என்று சாதாரண டிரான்ஸ்மிற்றருக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஹார்ட்டில் வருகிற எண்ணையும் வயரில் ஓடுகிற உண்மையான மின்னோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். 2ஆம், 3ஆம் கட்டளைகளில் வருகிற மில்லி அம்பியர், டிரான்ஸ்மிற்றர் 'நான் இவ்வளவு ஓட விடுகிறேன்' என்று கணக்குப் போட்டுச் சொல்கிற எண். பெரும்பாலான வகைகளில் அது அளந்து பார்த்த எண் அல்ல. அதனால்தான் மீற்றரோடு ஒப்பிடும்போது அது பயன்படுகிறது.

தீவகப் பக்கம் ஒரு மேல்நிலைத் தாங்கியில் பார்த்த வேலையைச் சொல்கிறேன். தாங்கியின் அடிக் குழாயில் அமுக்க டிரான்ஸ்மிற்றர், வீச்சு 0 முதல் 5 மீற்றர் தண்ணீர். கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்த காலம். பி.எல்.சி 2.69 மீற்றர் என்றது. தாங்கியின் பக்கத்தில் உள்ள கண்ணாடிக் குழாயில் பார்த்தால் இரண்டரைக்குப் பக்கத்தில்தான் நின்றது. ஏற்கெனவே வந்துபோனவர் 'டிரான்ஸ்மிற்றர் நழுவிவிட்டது, திரும்ப அளவுதிருத்தம் செய்ய வேண்டும்' என்று எழுதிவைத்திருந்தார். கார்ட்டில் 250 ஓம் இருந்ததால் மொடம் உடனே பிடித்தது. நிலைப் பைற்றுகள் இரண்டும் `00 00`, ஒரு முறைப்பாடும் இல்லை. PV 2.50 மீற்றர், 50 சதவீதம், 12.00 மில்லி அம்பியர். பனலில் தொடராக மீற்றரைப் போட்டால் 12.62.

இந்த மூன்று எண்ணும் சேர்ந்து கதையைச் சொல்லிவிட்டன. ஹார்ட்டின் PV கண்ணாடிக் குழாயோடு பொருந்துகிறது, ஆகவே உணரி சுகமாக இருக்கிறது. மீற்றர் 12.62 என்கிறது, 12.62இல் 4ஐக் கழித்து 16ஆல் பிரித்து 5 மீற்றரால் பெருக்கினால் 2.69. அதையேதான் பி.எல்.சியும் காட்டுகிறது, ஆகவே கார்ட்டும் அதன் அளவிடையும் சரி. டிரான்ஸ்மிற்றர் சொல்கிற 12.00க்கும் வயரில் ஓடுகிற 12.62க்கும் இடையில்தான் பிழை. யாரோ நடுவில் 0.62 மில்லி அம்பியரைச் சேர்க்கிறார்கள்.

சேர்ப்பது தண்ணீர். இரண்டு வயருக்கும் நடுவில், ஜங்ஷன் பொக்ஸிலோ டிரான்ஸ்மிற்றரின் முனைப் பெட்டியிலோ உப்புத் தண்ணீர் ஒரு பாலம் போடுகிறது. டிரான்ஸ்மிற்றர் தனக்குரிய 12.00ஐ எடுக்கிறது, தண்ணீர் அதற்குப் பக்கத்தால் தன் பங்கை எடுக்கிறது, பனலில் இரண்டும் கூடி வருகின்றன. சப்ளை 24 வோல்ற்று, 250 ஓமில் விழுவது சுமார் 3.2, ஆகவே முனைகளில் சுமார் 20.8 வோல்ற்று. அதை 0.62 மில்லி அம்பியரால் பிரித்தால் கிட்டத்தட்ட 33.5 கிலோ ஓம். கடற்காற்றில் படிந்த உப்பில் மழைத் தண்ணீர் பட்டால் இந்த அளவு கசிவுக்குப் பெரிய வெள்ளம் வேண்டியதில்லை, முனைத் துண்டின் மேல் ஒரு ஈரப் படலம் போதும்.

கசிவா, அல்லது டிரான்ஸ்மிற்றருக்குள் மின்னோட்டம் உண்டாக்கும் பகுதியே நழுவிவிட்டதா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. மென்பொருளில் Loop Test போய், மின்னோட்டத்தை முதலில் 4.00இலும் பிறகு 20.00இலும் கட்டிவையுங்கள். அதற்கு முன் பம்பைக் கைமுறைக்கு மாற்ற மறக்க வேண்டாம். எங்களுக்கு 4இல் மீற்றர் 4.68 காட்டியது, 20இல் 20.56. மேலே போகப் போகப் பிழை சிறுத்தது. மின்னோட்டம் கூடும்போது 250 ஓமில் அதிகம் விழுகிறது, முனைகளில் வோல்ற்றளவு குறைகிறது, கசிவும் அதோடு குறைகிறது. கசிவின் குணம் இது. கழற்றாமலே செய்யக்கூடிய சோதனை இது, நல்ல அறிகுறி. ஆனால் தீர்ப்பைச் சொல்ல இன்னொன்று செய்தோம். லூப்பில் மின்சாரம் இருக்கும்போதே டிரான்ஸ்மிற்றர் பக்கத்தில் ஒரு வயரைக் கழற்றி, அதைத் தனியாகப் பிடித்துவைத்து, பனல் மீற்றரைப் பார்த்தோம். வயர் நல்லதென்றால் பூச்சியம் வர வேண்டும். வந்தது 0.71 மில்லி அம்பியர். டிரான்ஸ்மிற்றரே இல்லாமல் மின்னோட்டம் ஓடுகிறது என்றால் பிழை கேபிளில் அல்லது ஜங்ஷன் பொக்ஸில். பூச்சியம் வந்திருந்தால் டிரான்ஸ்மிற்றரின் முனைப் பெட்டியைத் திறந்து பார்த்திருப்போம். வெடிக்கக்கூடிய வாயு உள்ள இடத்தில் இப்படி உயிர் வயரைக் கழற்றக் கூடாது. தண்ணீர்த் தாங்கியில் அந்தப் பயம் இல்லை.

ஜங்ஷன் பொக்ஸின் மேல் பக்கத்தால் கேபிள் நுழைந்திருந்தது. பக்கத்தில் பாவிக்காத ஓட்டை ஒன்றில், தொழிற்சாலையில் இருந்து வரும்போது தூசிக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. வெயிலில் வெடித்திருந்தது. உள்ளே முனைத் துண்டில் பச்சைக் களிம்பு. ஒரு திருகாணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. முனைத் துண்டையே மாற்றினோம். கேபிளைக் கீழ்ப்பக்கத்தால் கொண்டுவந்து, நுழைய முன் ஒரு தொய்வு விட்டு, தண்ணீர் அதில் வடிந்து நிலத்தில் விழும்படி செய்தோம். ஓட்டைக்கு உலோக மூடி, நூலில் சீல் நாடா. அப்புறம் மீற்றர் 12.00 காட்டியது, டிரான்ஸ்மிற்றரில் ஒரு எண்ணையும் தொடவில்லை.

அந்த 'அளவுதிருத்தம்' செய்யப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மென்பொருளில் மின்னோட்ட ட்ரிம் என்று ஒன்று இருக்கிறது. 4இல் கட்டிவைத்து, 'மீற்றரில் 4.68' என்று கொடுத்தால், டிரான்ஸ்மிற்றர் தன் வெளியீட்டை 0.68ஆல் குறைத்துக்கொள்ளும். அன்றைக்கு எல்லாம் பொருந்தும். தை மாதம் வெயில் வந்து பொக்ஸ் காய்ந்ததும், வெறும் தாங்கிக்கு 3.32 மில்லி அம்பியர் போகும், பி.எல்.சி அதை டிரான்ஸ்மிற்றர் பழுது என்று எடுக்கும். நல்ல டிரான்ஸ்மிற்றர் ஒன்று கழற்றப்பட்டுக் குப்பைக்குப் போயிருக்கும். ஆகவே ஹார்ட் எண்ணுக்கும் மீற்றருக்கும் வித்தியாசம் கண்டால், வயரைச் சோதித்து முடிக்கும்வரை ட்ரிம் பட்டனில் கை வைக்க வேண்டாம்.

இந்தக் கசிவை அவசரமாகப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 19 சென்ரிமீற்றர் பிழையோடு ஒரு தாங்கி வாழலாம். ஆனால் டிரான்ஸ்மிற்றர் உண்மையாகவே பழுதாகிற நாளில் என்ன நடக்கும்? பழுதைச் சொல்ல அது மின்னோட்டத்தை 3.6 மில்லி அம்பியருக்கோ அதற்குக் கீழோ இறக்கும். நாமூர் என்ற அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரை அளவீடு, 3.6க்குக் கீழும் 21க்கு மேலும் பழுது. பி.எல்.சியும் அப்படியே எழுதப்பட்டிருக்கும். ஆனால் வயரில் 0.68 கசிவு இருந்தால் 3.6 என்று கத்துவது பனலில் 4.28 ஆக வந்து சேரும். அது பி.எல்.சிக்குப் பழுது அல்ல, தாங்கியில் 9 சென்ரிமீற்றர் தண்ணீர். உடனே பம்பை ஓட விடும். லெவல் ஏறுவதாக ஒருபோதும் வராது, ஆகவே நிறுத்தவும் மாட்டாது. தாங்கி வழியும், கிணறு வற்றும், அலாரம் ஒன்றும் அடிக்காது. யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீரை இப்படி அளவில்லாமல் இழுத்தால் உவர் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிரான்ஸ்மிற்றர் பழுதானாலும் அதன் தொடர்பாடல் பகுதி உயிரோடு இருந்தால், ஹார்ட்டில் Device Malfunction, `80` என்ற பிற்று, நிற்கும். ஆனால் மொடத்தை யாராவது கொழுவிப் பார்த்தால்தானே தெரியும். தாழ்வு அலாரத்துக்குப் பதிலாக உயர்வு அலாரத்தைத் தேர்ந்தெடுத்தால், அதாவது 21க்கு மேல் ஏறும்படி வைத்தால், கசிவு அதை மறைக்காது; சேர்ந்துதான் கொடுக்கும். கடலோரத்தில் நான் அதையே விரும்புவேன். சில டிரான்ஸ்மிற்றர்களில் இது ஒரு சின்ன ஜம்பர் அல்லது சுவிட்ச். மாற்றினால் பி.எல்.சி நிரலிலும் அந்த எல்லை இருக்கிறதா, அப்போது பம்ப் நிற்குமா என்று பாருங்கள். சப்ளையும் அந்த மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். மேலே போட்ட 22 மில்லி அம்பியர் கணக்கு அதற்காகத்தான்.

புதிய டிரான்ஸ்மிற்றர்கள் சில, தங்கள் முனைகளில் உள்ள வோல்ற்றளவைத் தாங்களே அளந்து, அது மின்னோட்டத்துக்குப் பொருந்தாவிட்டால் ஹார்ட்டில் எச்சரிக்கின்றன. வாங்குகிறபோது கேட்டுப் பார்க்கலாம். ஹார்ட் வாசிக்கிற உள்ளீட்டுக் கார்ட் இருந்தால் இரண்டு எண்ணையும் பி.எல்.சியே எந்நேரமும் ஒப்பிட்டு அலாரம் தரும், ஆள் மொடத்தோடு போகத் தேவையில்லை. வினாடிக்கு இரண்டு மூன்று கேள்வி மறுமொழிதான் ஹார்ட்டில் நடக்கும். பம்பை ஓட்ட மில்லி அம்பியரையே பாவியுங்கள், ஒப்பீட்டுக்கு ஹார்ட்டை வையுங்கள். இந்தக் கார்ட் ஒரு மாஸ்டர், உங்கள் லப்டொப் இரண்டாவது மாஸ்டர். ஒரே லூப்பில் அந்த இரண்டுக்கு மேல் இடமில்லை.

ஆகவே உங்கள் தாங்கியில் செய்ய வேண்டியது: 270 ஓமைப் போடுங்கள், டி.டி. கோப்பை ஏற்றி 48ஐ வாசித்து More Status என்ன என்று பாருங்கள். பிறகு மழை பெய்து முடிந்த கையோடு ஹார்ட் மில்லி அம்பியரையும் மீற்றர் மில்லி அம்பியரையும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். லெவல் அசையாமல் இருக்க பம்பும் வெளிவால்வும் நிற்கிற நேரமாகப் பாருங்கள். நல்ல மீற்றரில் 0.05க்குள் வித்தியாசம் என்றால் விட்டுவிடலாம். அது மீற்றரின் சொந்தப் பிழையாகவும் இருக்கலாம். அதற்கு மேலே போனால் 4இலும் 20இலும் கட்டிவைத்துப் பாருங்கள், பிறகு டிரான்ஸ்மிற்றர் பக்க வயரைக் கழற்றிப் பாருங்கள். காப்புத் தடை அளக்க மெகரை எடுப்பதானால் இரண்டு முனையிலும், டிரான்ஸ்மிற்றரையும் பி.எல்.சி கார்ட்டையும் கழற்றிவிட்டுத்தான் 500 வோல்ற்றைக் கொடுக்க வேண்டும். 48இன் பைற்றுகளும் இந்த மூன்று நாலு வாசிப்பும் கையில் இருந்தால் எழுதுங்கள், மிச்சத்தை அதிலிருந்து பார்ப்போம்.